தகவல் துளி: வளைகுடா வேலைக்கு வேண்டிய அரபுச் சொற்கள்

வளைகுடாவில் நம்மவர்கள் முதலில் பழகுவது நலம் விசாரிக்கும் அரபு. அதைவிட முக்கியம், திருப்பிக் கேட்கும் அரபு. 'தவாம்' என்றால் பணிநேரம். 'புக்ரா தவாம், ஸாஅ ஸித்தா' என்றால் நாளை ஆறு மணிக்கு வேலை. காலையா மாலையா? தலையாட்டிவிட்டுப் போகாமல், 'ஸபாஹ் வல்லா மஸா?' என்று கேளுங்கள். காலையா, மாலையா என்பதே அதன் பொருள். இரவுப் பணி 'தவாம் லைல்'. புரியாவிட்டால் 'மா ஃபஹிம்த்', எனக்குப் புரியவில்லை.

மேற்பார்வையாளருக்குத்தான் இந்தி, மலையாளம் தெரியுமே என்பீர்கள். பெரும்பாலான நாட்களுக்கு அது போதும். ஆனால் ஆபத்து நேரத்தில் அருகில் இருப்பவர் எகிப்தியராகவோ சிரியராகவோ இருக்கலாம். அவர் வாயில் வருவது அரபுதான். 'வக்கிஃப்!' என்றால் நில். 'இன்தபிஹ்!' என்றால் கவனம். 'கதர்' என்றால் ஆபத்து. முதல் எழுத்து தொண்டையிலிருந்து வரும். மின்கம்பியில் கைவைக்கும் முன் 'ஃபீ கஹ்ரபா?', மின்சாரம் இருக்கிறதா என்று கேட்கலாம். 'மாஃபீ', இல்லை என்று பதில் வந்தாலும் அதை நம்பித் தொடக்கூடாது. மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, சோதனைக் கருவியால் பார்த்த பிறகே தொடவேண்டும்.

கோடையில் வெயிலில் மயக்கம் வந்தால் 'அனா தஅபான்', எனக்கு முடியவில்லை என்று சொல்லுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கச் சட்டம் தடை விதிக்கிறது.