மாதம் 20,000 ரூபாய்: அதில் அசல் எவ்வளவு, லாபம் எவ்வளவு?

பணி ஓய்வில் கிடைத்த பணத்தை வங்கியில் போட்டு வட்டி வாங்குபவருக்கு அசல் வேறு, வட்டி வேறு. மியூச்சுவல் ஃபண்டில் எஸ்டபிள்யூபி முறையில் மாதாமாதம் பணம் எடுப்பவருக்கு அப்படி இல்லை. அவருக்கு வரும் ஒவ்வொரு தொகையிலும் இரண்டும் கலந்தே இருக்கும். இது தெரியாமல் அதை வட்டி என்றே நினைத்துக்கொள்பவர்கள் உண்டு.

நடப்பது இதுதான். நீங்கள் குறித்துக் கொடுத்த தேதியில், அன்றைய என்ஏவி விலைக்கு, கேட்ட தொகைக்குத் தேவையான யூனிட்களை ஃபண்டு நிறுவனம் விற்றுப் பணத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறது. விற்ற யூனிட்களை நீங்கள் வாங்கிய விலை அசல். அதற்கு மேல் கிடைத்தது லாபம்.

ஒருவர் 30 லட்சம் ரூபாயை, பங்குகளில் 65 சதவீதத்துக்கு மேல் முதலீடு செய்யும் ஒரு கலப்பு ஃபண்டில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். யூனிட் விலை 50 ரூபாய். கைக்கு வருவது 60,000 யூனிட். ஓராண்டுக்குள் எடுத்தால் பல ஃபண்டுகளில் எக்ஸிட் லோடு பிடிப்பார்கள், வரியும் அதிகம். அதனால் ஓராண்டு கடந்த பிறகே மாதம் 20,000 எடுக்கத் தொடங்குகிறார். அப்போது விலை 54 ரூபாய்.

முதல் மாதம் 370.37 யூனிட் விற்பனையாகிறது. அவற்றை வாங்கிய விலை 18,519 ரூபாய். ஆக, கைக்கு வந்த 20,000-இல் லாபம் வெறும் 1,481 ரூபாய். வருமான வரிக் கணக்கில் சேர்வது இந்த 1,481 மட்டுமே. இதே 20,000 வங்கி வட்டியாக வந்திருந்தால் முழுவதும் வருமானத்தில் சேர்ந்திருக்கும்.

இங்கே பலர் பயந்துபோகிறார்கள்: ‘18,519 ரூபாய் அசல் என்றால், மாதாமாதம் என் பணத்தையே தின்கிறேனா?’ இல்லை. இது வரிக்காகப் போடும் கணக்கு. அவருடைய 60,000 யூனிட்டின் மதிப்பு அப்போது 32.4 லட்சம். முதல் தவணையை எடுத்த பிறகும் 32.2 லட்சம் இருக்கிறது, போட்டதைவிட அதிகம். யூனிட்களின் எண்ணிக்கை மாதாமாதம் குறையத்தான் செய்யும். மீதமுள்ள யூனிட்களின் மொத்த மதிப்பு குறைகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

விலை ஏற ஏற, தொகைக்குள் லாபத்தின் பங்கு கூடும். விலை 75 ஆகும்போது 266.67 யூனிட் விற்றாலே போதும். அதில் அசல் 13,333, லாபம் 6,667. இத்தகைய ஃபண்டில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்களின் லாபம், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரியற்றது. அதற்கு மேல் 12.5 சதவீதம். மாதம் 6,667 என்றால் ஆண்டுக்கு 80,000தான். வேறு பங்கு லாபம் இல்லாதவர் வரி கட்ட வேண்டியதில்லை.

எஸ்ஐபி மூலம் பல ஆண்டுகள் சேர்த்தவருக்கு நிலைமை வேறு. முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்கப்படும். 12 ரூபாய்க்கு வாங்கிய பழைய யூனிட்கள் 54 ரூபாய்க்குப் போனால், 20,000-இல் லாபம் 15,556. விலை அப்படியே இருந்தால் ஆண்டு லாபம் 1.87 லட்சத்தை நெருங்கும். வரி வரம்பைத் தாண்டி வேறு வருமானமும் உள்ளவருக்கு, விலக்குப் போக சுமார் 7,700 ரூபாய் வரி, செஸ் தனி. எடுப்பது அதே தொகைதான், வரி மட்டும் வேறு. கடன் ஃபண்டில் 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய யூனிட்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே லாபம் உங்கள் வருமான வரம்புக்கான விகிதத்திலேயே வரிக்கு உட்படும், ஆனால் அங்கும் லாபப் பகுதி மட்டுமே.

எனக்கு வரியைவிடப் பெரிய கவலை சந்தைச் சரிவுதான். விலை 40-க்கு இறங்கி ஓராண்டு அங்கேயே நின்றால், நம் முதலீட்டாளர் மாதம் 500 யூனிட் விற்க வேண்டும், ஆண்டுக்கு 6,000. விலை 54-ஆகவே இருந்திருந்தால் சுமார் 4,444 போதும். கூடுதலாகப் போன 1,556 யூனிட்கள், விலை மீண்டும் 54-ஐத் தொட்டாலும் திரும்பி வராது. மீட்சியில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய 84,000 ரூபாய் அங்கே போய்விடுகிறது. எடுக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் இப்படி நேர்ந்தால்தான் அடி பலமாக விழும். அதனால் ஓரிரு ஆண்டுச் செலவுக்கான பணத்தை லிக்விட் ஃபண்டிலோ வங்கியிலோ தனியே வைத்து, சரிவுக் காலத்தில் எஸ்டபிள்யூபியை நிறுத்திவிட்டு அதிலிருந்து எடுப்பது நல்லது.

ஆண்டுக்கு ஒருமுறை ஸ்டேட்மென்டில் மீதமுள்ள யூனிட்டை அன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள். ஓராண்டில் எடுக்கும் தொகை அதில் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுங்கள். 30 லட்சத்தில் 2.4 லட்சம் என்றால் 8 சதவீதம். ஃபண்டு அதைவிடக் குறைவாக வளரும் ஆண்டுகளில் மொத்த மதிப்பு கரையும். விலைவாசி ஏற ஏறத் தொகையையும் கூட்ட நினைப்பவருக்கு 8 சதவீதம் மிக அதிகம். மதிப்பு தொடர்ந்து இறங்கி இந்தச் சதவீதம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனால், மாதத் தொகையை அப்போதே குறைத்துவிட வேண்டும்.