அறுபது நிமிடத்தில் ஒரு ஆலோசனை

லண்டனின் பெரிய சட்ட நிறுவனங்களில் பயிற்சி சொலிசிட்டராகச் சேர சட்டப் பட்டம் கட்டாயமில்லை. வரலாறோ இயற்பியலோ படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். அதனால் கடைசிக் கட்டத் தேர்வில் சட்டக் கேள்விகளைக் கேட்டு ஆளை எடைபோட முடியாது. அரை நாளோ ஒரு நாளோ வரவழைத்து, வேலை கொடுத்துப் பார்க்கிறார்கள். இதை அசெஸ்மென்ட் சென்டர் என்கிறார்கள். அதில் பலரைக் கவிழ்ப்பவை இரண்டு: எழுத்து வடிவ கேஸ் ஸ்டடி, குழுப் பயிற்சி.

கேஸ் ஸ்டடி எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு கற்பனை மாதிரி. ஒரு பேக்கரி நிறுவனம் சிறிய பிஸ்கட் கம்பெனி ஒன்றின் பங்குகள் முழுவதையும் வாங்க நினைக்கிறது. கேட்கும் விலை 80 லட்சம் பவுண்டு. இருபது பக்கக் கட்டு ஒன்றைக் கொடுத்து, வாங்கலாமா என்று பார்ட்னருக்கு ஒரு குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். நேரம் 60 நிமிடம். கட்டுக்குள் வரவு செலவுச் சுருக்கம், ஆலைக் கட்டடத்தின் குத்தகைப் பத்திரம், 40,000 பவுண்டு நஷ்டஈடு கேட்டு முன்னாள் ஊழியர் எழுதிய கோபமான கடிதம், ஒரு சூப்பர்மார்க்கெட்டுடன் போட்ட விற்பனை ஒப்பந்தம் ஆகியவை இருக்கின்றன.

பலர் அந்தக் கோபக் கடிதத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். படித்த சட்டத்தைக் காட்ட அது வசதியான இடம். ஆனால் 40,000 என்பது விலையில் அரை சதவீதம்தான். அந்தத் தொகை கட்ட வேண்டி வந்தால் விற்பவரே ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு சேர்த்தால் போதும். குறிப்பில் அதற்கு இரண்டு வரிக்கு மேல் தேவையில்லை.

உண்மையான ஆபத்து சூப்பர்மார்க்கெட் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பங்குகள் கைமாறினாலும் கம்பெனி அதே கம்பெனிதான். அதன் ஒப்பந்தங்கள் பொதுவாக அப்படியே தொடரும். ஆனால் இந்த ஒப்பந்தத்தில், உரிமையாளர் மாறினால் சூப்பர்மார்க்கெட் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு பதினான்காம் பக்கத்தில் கிடக்கிறது. கணக்குச் சுருக்கத்தைப் பார்த்தால், ஆண்டு விற்பனை ஒரு கோடி பவுண்டில் 60 லட்சம் இந்த ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. இந்த இரண்டு தாள்களையும் சேர்த்துப் படிப்பவருக்குத்தான் விடை கிடைக்கும். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் பதினான்காம் பக்கம் வருவதற்குள் நேரம் போய்விடும். முதல் ஐந்து நிமிடம் கட்டைப் புரட்டி, எங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

குறிப்பின் முதல் வரியிலேயே முடிவு இருக்க வேண்டும்: “வாங்கலாம், ஆனால் சூப்பர்மார்க்கெட்டின் எழுத்துபூர்வ சம்மதம் வந்த பிறகே பணம் கைமாற வேண்டும்.” காரணமும் மற்ற விஷயங்களும் அதன் பிறகு. கட்டில் இருப்பதையெல்லாம் சுருக்கி எழுதிவிட்டு முடிவு சொல்லாமல் விடுவதுதான் நான் பார்த்தவரை பெரிய குறை. பார்ட்னருக்குச் சுருக்கம் தேவையில்லை, வாடிக்கையாளரிடம் சொல்ல ஒரு பதில் தேவை.

குழுப் பயிற்சியில் இதே கதை தொடரலாம். ஆறு பேர், மூவர் வாங்குபவர் பக்கம், மூவர் விற்பவர் பக்கம். மூலையில் மதிப்பீட்டாளர்கள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு பாதியில் இருக்கும்போது புதிய தாள் ஒன்று வருகிறது: சூப்பர்மார்க்கெட் சம்மதிக்கிறது, ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு 5 சதவீதத் தள்ளுபடி கேட்கிறது. 60 லட்சத்தில் 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 3 லட்சம்.

விலை, ஆண்டு லாபமான 10 லட்சத்தைப் போல் எட்டு மடங்கு என்று வைத்தது. எனவே வாங்கும் தரப்பு 3 லட்சத்தை எட்டால் பெருக்கி 24 லட்சம் குறைக்கச் சொல்கிறது. விற்கும் தரப்போ, தள்ளுபடி இரண்டு ஆண்டுக்குத்தானே, 6 லட்சம் குறைத்தால் போதும் என்கிறது. இதையே இருபது நிமிடம் மாற்றி மாற்றிச் சொல்லும் குழுக்கள் உண்டு. அப்போது ஒருவர், “6 லட்சத்தை இப்போதே குறைத்துவிடுவோம். மீதி 18 லட்சத்தை நிறுத்திவைத்து, இரண்டு ஆண்டு கழித்துப் பழைய விலை திரும்பினால் கொடுப்போம்” என்கிறார். இரு தரப்பின் பயத்துக்கும் அதில் பதில் இருக்கிறது. மதிப்பீட்டாளரின் பேனா நகர்வது இந்த மாதிரி இடத்தில்தான்.

யார் பக்கம் ஜெயித்தது என்பதற்கு மதிப்பெண் இல்லை. அதிகம் பேசியதற்கும் இல்லை. ஆனால் வாயே திறக்காதவரைப் பற்றிக் குறித்துக்கொள்ளவும் எதுவும் இருக்காது. “பத்து நிமிடம்தான் இருக்கிறது, ஆலைக் குத்தகையை இன்னும் தொடவில்லை” என்று சொல்வதும், பேச இடம் கிடைக்காத ஒருவரைப் பார்த்து “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்பதும் கணக்கில் வரும். அப்படியும், கூட்டத்தில் பேசிப் பழகியவர்களுக்கே இந்தப் பயிற்சி சாதகம் என்பது என் கருத்து. எல்லா நிறுவனங்களும் இதை வைப்பதுமில்லை.

டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புச் சிரமமோ கேட்கும் குறையோ உள்ளவர்கள், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி கூடுதல் நேரம் போன்ற நியாயமான ஏற்பாடுகளைக் கேட்கலாம். அழைப்புக் கடிதம் வந்த உடனேயே எழுதிக் கேளுங்கள். தேர்வு நாளன்று கேட்டால் ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நேரமிருக்காது.