26-ஆ, 30-ஆ?

பத்து மணி நேரம் ஓ.டி. பார்த்தவரின் சம்பளச் சீட்டில் 200 ரூபாய் குறைகிறது. கூட்டலில் பிழையில்லை, வகுத்த எண்தான் வேறு.

அவருடைய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600 ரூபாய். ஞாயிறுகளைக் கழித்து 26 வேலை நாட்களால் வகுத்தால் நாளுக்கு 600, எட்டு மணி நேரக் கணக்கில் மணிக்கு 75. தொழிற்சாலைகளில் ஓ.டி.க்கு இரட்டிப்பு என்பதால் 150. முப்பதால் வகுத்தால் மணிக்கு 65, ஓ.டி.க்கு 130தான். முப்பது என்றால் ஞாயிறுக்கும் சம்பளம் உண்டு என்று பொருள். அதே பணம் அதிக நாட்களில் பரவி, ஒரு நாளின் பங்கு சுருங்குகிறது. பணிக்கொடைச் சட்டமும் 26-ஆல்தான் வகுக்கிறது.

பிடித்தத்தில் கதை தலைகீழ். சம்பளமில்லா விடுப்பு ஒரு நாளுக்கு 26-இல் 600 போகும், 30-இல் 520தான். நான்கு ஞாயிறுள்ள மாதத்தில் 26 வேலை நாளும் வராதவருக்கு, முப்பதால் வகுத்து அந்த நாட்களுக்கு மட்டும் பிடித்தால், 2,080 ரூபாய் மிஞ்சும்! அதனால் சில அலுவலகங்கள் இடையில் வரும் ஞாயிறையும் விடுப்பில் சேர்த்துவிடுகின்றன.

ஓ.டி.க்கு 30, பிடித்தத்துக்கு 26 என்று வைத்திருந்தால் அது கணக்கல்ல, தந்திரம். சீட்டில் உள்ள ஒரு நாள் பிடித்தத்தால் மாதச் சம்பளத்தை வகுத்துப் பாருங்கள், எண் வெளிப்பட்டுவிடும்.