பேனலுக்கு முன்னால் கணக்கு

தயிரும் பனீரும் ஏற்றிப்போகும் சின்ன டெலிவரி வேன். உள்ளே 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். இதற்குக் கூரையில் எத்தனை வாட் பேனல் வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். டீ ஆறுவதற்குள் செலவை எழுதிப் பார்த்துவிடலாம்.

கம்ப்ரசர் ஓடும்போது 45 வாட் இழுக்கிறது, வெயில் காலத்தில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 540 வாட்-மணி. விளக்கும் விசிறியும் சேர்ந்தால் 600.

இனி வரவு. நல்ல வெயில் நாளில் 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி விழும். கூரையில் படுக்கையாக வைத்த 200 வாட் பேனல், சூடும் தூசியும் தின்றது போக, 700 வாட்-மணி தரலாம். தகரத்தோடு ஒட்டி வைத்தால் பேனல் கொதித்து இதுவும் குறையும். அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டுக் காற்று ஓட விடுங்கள். கேரியர் கம்பியின் நிழல் பேனலின் ஓரத்தில் விழுந்தாலும் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம்.

அடைமழை நாளில் அந்த 5 மணி 2 ஆகிவிடும். வரவு 280, பற்றாக்குறை 320. இங்கேதான் எஞ்சின் கைகொடுக்கிறது. ஆல்டர்னேட்டருக்கும் ஃபிரிட்ஜ் பேட்டரிக்கும் நடுவே 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்தால், மணிக்குச் சுமார் 250 வாட்-மணி ஏறும். ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் பற்றாக்குறை தீர்ந்துவிடும். செலவை மிச்சம் பிடிக்க லித்தியம் பேட்டரியை நேரடியாக ஆல்டர்னேட்டரில் இணைக்கவே கூடாது. அது கிடைக்கும் கரண்ட்டையெல்லாம் இழுக்கும். டிராஃபிக்கில் மெதுவாகச் சுற்றும் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும்.

100 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கும். எதுவும் ஏறாவிட்டாலும் இரண்டு நாள் தாங்கும். ஆனால் எவ்வளவு மிச்சம் என்பதை வோல்ட் மீட்டர் சொல்லாது. பாதி தீர்ந்தாலும், முக்கால்வாசி இருந்தாலும் ஏறக்குறைய 13.2 என்றே காட்டும். மைனஸ் ஒயரில் ஷன்ட் வைத்த பேட்டரி மானிட்டர் வேண்டும். எல்லா மைனஸ் ஒயர்களும், பாடி எர்த்தும்கூட, அந்த ஷன்ட்டைத் தாண்டித்தான் பேட்டரிக்குப் போக வேண்டும். ஒன்று நேரடியாகப் போனாலும் கணக்கு பொய்யாகிவிடும்.

வண்டி எடுக்கும் முன் மானிட்டர் காட்டும் சதவீதத்தை ஒரு வாரம் குறித்து வையுங்கள். நாளுக்கு நாள் அது இறங்கினால் இரண்டாவது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். அது ஃபிரிட்ஜ் நிற்கும் நாளைத் தள்ளிப்போடுமே தவிர, வரவைக் கூட்டாது. முதலில் நிழலைப் பாருங்கள், பிறகு ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் இன்னொரு பேனல் வாங்குங்கள்.