திட்டமிட்டதும் விளைந்ததும்: மதிப்பீட்டுச் சுருக்கம் எழுதும் முறை

உதவித் திட்டம் ஒன்று முடிவுற்றதும், அதன் பலன் யாது என்று ஆராய்ந்து சுருக்கமாக எழுதித் தரும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. எதை அளந்தால் பலன் விளங்கும் என்பது திட்டத்தாளில் முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். அவ்வளவுகளைக் குறியளவுகள் என்போம். விளைந்ததை அவற்றோடு ஒப்பிடும் முறையை, ஆப்பிரிக்காவில் நடந்த குடிநீர்த் திட்டம் ஒன்றைக் கொண்டு இங்கு விளக்குவோம்.

அத்திட்டத்தின் கருவி ‘பிளேபம்ப்’ எனப்படுவது. சிறுவர்கள் ஏறிச் சுற்றும் ராட்டினம் ஒன்று ஆழ்துளைக் கிணற்றுப் பம்போடு பிணைக்கப்பட்டிருக்கும். ராட்டினம் சுழலச் சுழல நீர் மேலேறி உயரத்திலுள்ள தொட்டியை நிரப்பும். தொட்டியைச் சுற்றிய பலகைகளில் விளம்பரம் எழுதி, அவ்வருவாயால் பழுது பார்ப்பது என்பது ஏற்பாடு. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அரசும் தனியார் அறநிலையங்களும் இதற்காக 1 கோடியே 64 லட்சம் டாலர் உதவியை அறிவித்தன. 2010க்குள் 10 நாடுகளில் 4,000 பம்புகள் அமைத்து, 1 கோடி மக்களுக்கு நீர் வழங்குவது குறிக்கோள்.

மதிப்பிடுவோரின் முதல் வேலை, குறியளவுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கணக்கிடுவதாகும். 1 கோடியை 4,000ஆல் வகுத்தால், பம்பு ஒன்றுக்கு 2,500 பேர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்றால், 37,500 லிட்டர் வேண்டும். நாற்பது மீட்டர் ஆழத்திலிருந்து, நிமிடத்திற்கு 16 சுற்று சுழன்றால், மணிக்கு 1,400 லிட்டர் கிடைக்கும் என்பது பம்பு செய்தவர்கள் கூறிய அளவு. 37,500ஐ 1,400ஆல் வகுத்தால் ஏறக்குறைய 27 மணி வருகிறது. நாளுக்கு 24 மணியே உண்டு. ஆகவே அனைத்துப் பம்புகளையும் நட்டிருந்தாலும் 1 கோடிப் பேர் என்னும் குறியளவு நிறைவேறியிராது. நடப்பட்ட பம்புகளை எண்ணி 2,500ஆல் பெருக்கி எழுதும் அறிக்கை இதை மறைத்துவிடும். பம்பை நடுவது செயல். மக்கள் நீர் பெறுவது பயன். இரண்டையும் தனித்தனியே அளத்தல் வேண்டும்.

இரண்டாவது வேலை, நேரில் சென்று பார்ப்பது. முன்னறிவித்துச் செல்லும் நாளில் சிறுவர்கள் ராட்டினத்தில் நிறைந்திருப்பர். பள்ளி விடுமுறையிலும், விடியற்காலையிலும் அறிவிப்பின்றிச் சென்று, சுற்றுவோர் யார், குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். 2007இல் யுனிசெப் வெளியிட்ட ஆய்வும், பின்னர் மொசாம்பிக்கில் நடந்த ஆய்வும் உண்மையை வெளிப்படுத்தின. பல ஊர்களில் ராட்டினத்தைச் சுற்றியவர்கள் வயதுவந்த பெண்களே. அது அவர்களுக்குக் கடினமாகவும் கூச்சமாகவும் இருந்தது. நாட்டுப்புறத்தில் விளம்பரப் பலகைகள் வெறுமையாக நின்றன. பழுதான பம்புகள் நெடுநாள் கிடந்தன.

மூன்றாவது, முன்நிலை. பல இடங்களில் ஏற்கெனவே இருந்த கைப்பம்பை அகற்றிவிட்டே புதியது நடப்பட்டது. அத்தகைய ஊரில் இன்று நீர் பெறுவோர் அனைவரையும் திட்டத்தின் பயனாளிகள் என எழுதுதல் தவறு. கைப்பம்பில் முன்பு கிடைத்ததைக் கழித்து, எஞ்சுவதையே பலனாகக் கொள்ள வேண்டும். எஞ்சுவது குறைவாக இருப்பின் அதையும் அவ்வாறே எழுத வேண்டும்.

இவற்றைக் கொண்டு எழுதும் சுருக்கம் ஒரு பக்கத்தில் அடங்குவது நன்று. ஒவ்வொரு குறியளவுக்கும் முன்நிலை, திட்டமிட்டது, விளைந்தது, அறிந்த வழி என நான்கு கட்டங்கள் இட்டு நிரப்புக. நேரில் அளந்ததையும், பிறர் கூறக் கேட்டதையும் கலந்து எழுதலாகாது. அதன் கீழ் காரணத்தை இவ்வாறு சில வாக்கியங்களில் கூறலாம்:

“நீர் பெறுவோர் தொகை எட்டப்படவில்லை. ராட்டினம் நாளுக்கு 6 மணி முழுவேகத்தில் சுழன்றாலும் 8,400 லிட்டரே கிடைக்கும். அது 560 பேருக்கே போதும். விளம்பர வருவாய் இன்மையால் பழுது பார்ப்பு நின்றது. கைப்பம்பு நன்கு இயங்கும் ஊர்களில் அதை மாற்ற வேண்டுவதில்லை. பெரிய பள்ளிகளில் மட்டும், ஊராரைக் கேட்டபின் அமைக்கலாம்.”

எத்தனை ஊர்களை, எந்தப் பருவத்தில் பார்த்தோம் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தல் அவசியம். மழைக்காலத்தில் சில ஊர்களில் மட்டும் அளந்ததைக் கொண்டு கோடைக்கும் நாடு முழுமைக்கும் முடிவு கூற இயலாது.

இத்திட்டத்திற்குப் பெரும்பொருள் அளித்த கேஸ் அறநிலையம், எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை என்பதை 2010இல் வெளிப்படையாக ஏற்று, வேறு வகைக் குடிநீர் ஏற்பாடுகளுக்கு ஆதரவைத் திருப்பியது. 27 மணி என்னும் கணக்கோ, 2006இலேயே ஒரு தாளில் போட்டுப் பார்க்கக் கூடியதாக இருந்தது. ஆதலால், மதிப்பீட்டுக்குரிய நான்கு கட்டங்களில் முன்நிலையையும் திட்டமிட்டதையும் வேலை தொடங்குமுன்னரே எழுதி, வகுத்தும் பெருக்கியும் சரிபார்த்துவிடுதல் நலம்.