பேச்சிலிருந்து கோட்பாடு: குறியிடலும் மெமோவும்

சமூக ஆய்வு பல நேரங்களில் ஒரு கருதுகோளுடன் தொடங்கி, அது சரியா என்று சோதிக்கிறது. கிரவுண்டட் தியரி என்னும் முறை எதிர்த்திசையில் செல்கிறது. மனிதர்களின் பேச்சையும் செயலையும் முதலில் பதிவு செய்து, அவற்றிலிருந்தே கோட்பாட்டை எழுப்புகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர்கள் பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் மருத்துவமனைகளில் இறக்கும் நிலையிலிருந்த நோயாளிகளைப் பற்றி ஆராய்ந்தபோது இம்முறை உருவாயிற்று. 1967-இல் அதை நூலாக விளக்கினர். திறந்த, அச்சு, தெரிவுக் குறியிடல் என்ற மூன்று படிகளை ஸ்ட்ராஸும் ஜூலியட் கார்பினும் 1990-இல் வெளியிட்ட நூல் வகுத்துத் தந்தது.

விளக்கத்துக்காக அமைத்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் உணவுக் கட்டுப்பாட்டை எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்பது ஆய்வுப் பொருள். ஒரு பெண்மணி சொல்கிறார்:

“கல்யாண வீட்டுல இனிப்பு வெச்சா வேணாம்னு சொல்ல மாட்டேன். சொன்னா ஏன்னு கேப்பாங்க. இலையை மூடுறப்ப உள்ள மறைச்சுடுவேன். வீட்டுல மருமகளுக்கு மட்டும் தெரியும். சர்க்கரை இல்லாத காபியை எல்லார் டம்ளரோட சேர்த்து வெச்சுடுவா.”

முதற்படியான திறந்த குறியிடலில், ஆய்வாளர் இதை வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரியிலும் என்ன நடக்கிறது என்பதற்குச் சிறு பெயர் இடுகிறார். ‘மறுக்காமல் வாங்கிக்கொள்ளுதல்’, ‘கேள்வி வருமுன் தவிர்த்தல்’, ‘இலையில் மறைத்தல்’, ‘ஒருவரிடம் மட்டும் சொல்லுதல்’ என்பவை இங்கே கிடைக்கும் குறியீடுகள். ‘எல்லார் டம்ளரோட சேர்த்து’ என்ற அவருடைய சொல்லையே குறியீடாக வைத்துக்கொள்ளலாம். ‘உணவு’, ‘குடும்பம்’ என்று எழுதினால் அவை தலைப்புகளே. அவற்றில் எந்தச் செயலும் தெரியாது. குறியீட்டை மட்டும் படிக்கும்போது யாரோ ஏதோ செய்வது புலப்படவில்லை என்றால், குறியிடல் மேலோட்டமாக இருக்கிறது என்று அறியலாம்.

குறியீடு சுருக்கமானது, அதை இட்டபோது எழுந்த சிந்தனை மெமோவில் பதிவாகிறது. மெமோ என்பது ஆய்வாளர் தமக்குத் தாமே எழுதும் குறிப்பு. அதற்குத் தேதியும் தலைப்பும் உண்டு, நடையழகு தேவையில்லை. இந்தப் பேட்டிக்கான மெமோ இப்படி அமையலாம்:

“தலைப்பு: யாருக்குத் தெரியலாம்? இவர் இனிப்பை மட்டும் தவிர்க்கவில்லை, விசாரிப்பையும் தவிர்க்கிறார். மருமகள் உதவினால்தான் மறைக்க முடிகிறது. உதவ ஆள் இல்லாதவர் என்ன செய்வார்? தனியாக வாழ்பவரிடம் பேச வேண்டும்.”

கடைசி வரி அடுத்த பேட்டியையே முடிவு செய்கிறது. இம்முறையில் தரவு சேகரிப்பும் பகுப்பாய்வும் மாறி மாறி நடக்கின்றன. அடுத்து யாரிடம் பேசுவது என்பதை வளர்ந்துவரும் கருத்தே காட்டுகிறது. தனியாக வாழும் ஓர் ஓய்வுபெற்றவர், “எனக்கு சுகர், வைக்காதீங்க” என்று பந்தியிலேயே சொல்லிவிடுவதாகக் கூறுகிறார் என்று கொள்வோம். மகளுக்கு வரன் பார்க்கும் ஒரு தாயோ சம்பந்தம் பேசுகிறவர்கள் முன் மாத்திரையைக்கூட எடுப்பதில்லை. இந்த வேறுபாடுகளை ஒப்பிடுவதில்தான் பகுப்பாய்வு நகர்கிறது.

அச்சுக் குறியிடல், பிரித்தவற்றை மீண்டும் இணைக்கும் படி. ‘நோயைத் தெரியாமல் வைத்தல்’ என்ற வகையை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. காரணம் என்ன? விசாரிப்பும், பேச்சு குடும்பத்தைப் பாதிக்கும் என்ற அச்சமும். எந்தச் சூழலில்? விருந்திலும், சம்பந்தப் பேச்சிலும். கையாளும் வழி? இலையில் மறைத்தல், ஒருவரை உடந்தையாக்கல், மாத்திரையைத் தள்ளிப்போடுதல். விளைவு? மதிப்பு காக்கப்படுகிறது, சில வேளை சிகிச்சை தவறுகிறது.

தெரிவுக் குறியிடலில், மற்ற வகைகளையெல்லாம் விளக்கக்கூடிய மைய வகை ஒன்று தேர்ந்தெடுக்கப்படுகிறது. ‘மறைத்தல்’ இதற்குப் போதாது. வெளிப்படையாகச் சொல்லும் ஓய்வுபெற்றவர் அதில் அடங்கமாட்டார். ‘யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்று அளத்தல்’ என்பது மூவருக்கும் பொருந்துகிறது. சொல்வதால் இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர் முழுதும் சொல்கிறார். இழப்பு பெரிதாகத் தோன்றுபவர் தம் உடல்நலத்தையும் பணயம் வைக்கிறார். உணவுக் கட்டுப்பாடு மன உறுதியை மட்டும் பொறுத்ததல்ல, உடனிருப்போரையும் பொறுத்தது என்ற கோட்பாட்டு வரைவு இதிலிருந்து பிறக்கிறது. மெமோக்களைத் தலைப்புவாரியாக அடுக்கினால் கட்டுரையின் எலும்புக்கூடு பெருமளவு கிடைத்துவிடும்.

மூன்று பேட்டிகளில் கிடைப்பது வரைவு மட்டுமே. புதிய பேட்டிகள் வகைகளுக்குப் புதிய பண்பு எதையும் சேர்க்காத நிலை வரும்வரை பணி தொடர வேண்டும், அதுவே நிறைவுநிலை. அச்சுக் குறியிடலிலும் ஓர் இடர் உண்டு: காரணம், சூழல், விளைவு என்ற சட்டத்தை நிரப்புவதற்காகத் தரவை வளைத்துவிடலாம். 1992-இல் கிளேசர் எழுப்பிய எதிர்ப்பு இதுதான். கோட்பாடு தரவிலிருந்து தானே எழ வேண்டும், திணிக்கப்படக் கூடாது என்றார் அவர். சட்டத்தில் ஒரு கட்டத்துக்குப் பேட்டியிலிருந்து ஒரு வரியைக்கூடச் சான்றாகக் காட்ட முடியாவிட்டால், அதை வெறுமையாக விடுவதே முறை.