கணக்கு சொன்னதில் பாதி
(தொடர் – பகுதி 9)

சென்ற வாரம் எந்தப் பங்கை வாங்குவது என்று பேசினோம். கண்டியில் பங்கு வாங்கி விற்பவர்களின் பேச்சு பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. கையிலுள்ள பணத்தில் எவ்வளவைப் பணயம் வைக்கலாம் என்ற கேள்விக்கு யாரும் வருவதில்லை. அந்தக் கேள்விக்கு 1956இலேயே விடை எழுதிவைத்தவர் ஜோன் கெலி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தொலைபேசிக் கம்பிகளின் இரைச்சலை ஆராய்ந்துகொண்டிருந்தவர். பிறகு எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் அந்த விடையைச் சீட்டாட்ட மேசைக்கும், அங்கிருந்து பங்குச் சந்தைக்கும் கொண்டுபோனார்.

சூத்திரம் சிறியது: f = p − q/b. p என்பது வெல்லும் வாய்ப்பு, q தோற்கும் வாய்ப்பு. ஒரு ரூபாயை இழக்கத் துணிந்தால் வெல்லும்போது எத்தனை ரூபாய் வரும் என்பது b.

ஒருவர் இரண்டு தடவைக்கு ஒரு தடவை வெல்கிறார், வென்றால் இழப்பைப் போல இரண்டு மடங்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 0.5இலிருந்து 0.25ஐக் கழித்தால் மிச்சம் 0.25. அதாவது ஒவ்வொரு தடவையும் கையிருப்பில் கால்வாசியை இழக்கத் துணியலாம். ஒரு இலட்சத்தோடு தொடங்கி ஒன்றில் வென்று ஒன்றில் தோற்றால், 1,50,000 ஆகிப் பிறகு 1,12,500 ஆக நிற்கும். ஆசைப்பட்டுப் பாதியைப் பணயம் வைத்தால்? இரண்டு இலட்சமாகி, திரும்ப அதே ஒரு இலட்சத்துக்கு வந்துவிடும். வெல்லும் திறமை இருந்தும் ஒரு சதம் மிஞ்சாது. 60 வீதம் வைத்தால் மிஞ்சுவது 88,000 மட்டுமே. நல்ல வியாபாரியும் கடனாளியாவது இப்படித்தான்.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். கால்வாசிக்குப் பதில் அதில் பாதி, அதாவது 12.5 வீதம் மட்டும் வைக்கிறார். அதே ஒரு வெற்றி, ஒரு தோல்வி. மிஞ்சுவது 1,09,375. வளர்ச்சியில் ஏறத்தாழ முக்கால்வாசி கிடைத்துவிட்டது, ஏற்ற இறக்கமோ பாதியாகக் குறைந்துவிட்டது. முழு அளவில் விளையாடுபவரின் முதல் என்றாவது ஒருநாள் பாதியாகத் தேய்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இரண்டில் ஒன்று. பாதி அளவில் விளையாடுபவருக்கு அது எட்டில் ஒன்றுதான். இந்தப் பண்டமாற்றில் யாருக்கு இலாபம் என்று கேட்கத் தேவையில்லை.

ஆனால் தொழிலில் இருப்பவர்கள் பாதியோடு நிறுத்துவதற்கு, நிம்மதியாகத் தூங்குவதையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சீட்டாட்டத்தில் p என்னவென்று கணக்கிடலாம். பங்குச் சந்தையில் அதைத் தன் பழைய கொப்பியைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். 40 வியாபாரங்களில் 20 வெற்றி என்றிருந்தால் 50 வீதம் என்று எழுதிக்கொள்கிறோம். அத்தனை சிறிய எண்ணிக்கையில் உண்மையான திறமை 42 வீதமாக இருந்தும் அதிர்ஷ்டத்தால் 20 வந்திருக்கலாம். அதில் அதிசயம் எதுவுமில்லை. 42ஐப் போட்டுப் பாருங்கள்: சூத்திரம் 13 வீதம் என்கிறது. கால்வாசி வைத்தவர் தெரியாமலே இரட்டிப்புப் பணயம் வைத்திருக்கிறார், அவருடைய வளர்ச்சி பூச்சியத்தை ஒட்டி நிற்கும். 12.5 வீதம் வைத்தவரோ சரியான இடத்திலேயே நிற்கிறார்.

அடுத்தது b. இந்தச் சூத்திரம் சொல்லும் 25 வீதம் இழக்கத் துணியும் தொகைதான், பங்கு வாங்கும் தொகையல்ல. விலை 10 வீதம் இறங்கினால் விற்றுவிடுவேன் என்பவர், கால்வாசியை இழக்க வேண்டுமானால் தன் முதலைப் போல இரண்டரை மடங்குக்குப் பங்கு வாங்க வேண்டும். மிச்சத்துக்குத் தரகரிடம் கடன். நினைத்த விலையில் விற்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. 2022 ஜனவரியில் 13,000ஐத் தாண்டியிருந்த கொழும்புச் சுட்டெண் அடுத்த மாதங்களில் சரிந்தது. ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு சந்தை ஒரு வாரம் மூடிக் கிடந்தது. 25ஆம் திகதி திறந்த அன்றே விலை விழுந்து வியாபாரம் நிறுத்தப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் 10க்குப் பதில் 20 வீத இழப்பில் வெளியேறினால், கால்வாசியாக இருக்க வேண்டிய இழப்பு கையிருப்பில் பாதியாகிவிடுகிறது. வென்றால் வருவதோ கூடுவதில்லை, ஆகவே இது மேலே பார்த்த பாதிப் பணயத்தையும்விட மோசம்.

கண்டிக்காரர்களுக்கே உரிய பொறி ஒன்றும் இருக்கிறது: தெரிந்த பங்குகளையே வாங்குவது. குயின்ஸ் ஹோட்டலை வைத்திருக்கும் கண்டி ஹோட்டல்ஸ் நிறுவனமும் கொழும்புச் சந்தையில் இருக்கிறது. அதோடு வேறு இரண்டு ஹோட்டல் பங்குகளையும் சேர்த்து, ஒவ்வொன்றிலும் 12.5 வீதம் பணயம் வைத்துவிட்டு மூன்று தனித்தனிப் பணயம் என்று நினைப்பார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு உல்லாசப் பயணிகள் வராமல் போனது எல்லா ஹோட்டலுக்கும்தான். மூன்றும் ஒன்றாக விழுந்தால் அது 37.5 வீதத்தில் வைத்த ஒரே பணயம். சூத்திரத்தில் அதற்கு இடமில்லை, வைப்பவர்தான் 12.5ஐ மூன்றாகப் பிரித்து வைக்க வேண்டும்.